22 மி.மீ. துளை ஏன் 22 ஆக வருவதில்லை?

பிளாஸ்டிக் பாகங்களைத் திருகோ பசையோ இல்லாமல் ஒன்றோடொன்று சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துளையைவிட மயிரிழை பெரிதான பொருளை அதற்குள் அழுத்திச் செருகுவது. இதைப் பட்டறைகளில் பிரஸ் ஃபிட் என்பார்கள். இன்னொன்று, சற்று வளைந்துகொடுத்து ஒரு விளிம்பைத் தாண்டியதும் பழைய இடத்துக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும் கொக்கி. டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியை மூடும்போது ‘டக்’கென்று கேட்பது இதுதான், பெயர் ஸ்நாப் ஃபிட். இரண்டிலும் காரியம் நடப்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். 0.1 மி.மீ. கூடினால் பாகம் உள்ளே போகாது, அல்லது பிளந்துவிடும், 0.1 குறைந்தால் கழன்று விழும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகம் செய்பவர்களுக்கு இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, நாசில் வழியே அடுக்கடுக்காகப் படியவைக்கும் சாதாரண இயந்திரம் 0.1 மி.மீ.க்கும் அதிகமாகவே தவறும். ஆனால் அந்தத் தவறு கண்டபடி நேர்வதில்லை. அதில் பெரும்பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. ஆகவே அதை அளந்து, வரைபடத்திலேயே ஈடுகட்டிவிடலாம். அளப்பதற்கு முன், அது ஒரே தவறல்ல, தன்மையில் வேறுபட்ட இரண்டு தவறுகளின் கூட்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் கையால் சுற்றும் ஒரு சிறிய கியர் பெட்டி. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பெட்டி, அதே பிளாஸ்டிக்கில் ஒரு மூடி. உள்ளே கடையில் வாங்கிய இரண்டு பித்தளை கியர்கள்: ஒன்றில் 40 பற்கள், மற்றதில் 80 பற்கள், மாட்யூல் 1. இந்த இரண்டும் சரியாகப் பொருந்த, அவற்றின் நடுமையங்களுக்கு இடையே 60 மி.மீ. இருக்க வேண்டும். தண்டுகள் சுழல நான்கு 608 பேரிங்குகள், பெட்டியின் தரையில் இரண்டு, மூடியில் இரண்டு. ஸ்கேட்டிங் சக்கரங்களில் இருப்பதும் இதே பேரிங்தான்: வெளி விட்டம் 22 மி.மீ., உள் விட்டம் 8, தடிமன் 7. பேரிங்குகள் பிரஸ் ஃபிட்டாக உட்கார வேண்டும். மூடி ஸ்நாப் ஃபிட்டாக மாட்ட வேண்டும்.

சதவீதமாக வரும் தவறு

நாசிலிலிருந்து வெளிவரும் ஏ.பி.எஸ்.ஸின் வெப்பம் சுமார் 240 டிகிரி செல்சியஸ். ஆறும்போது அது சுருங்குகிறது. இளகிய நிலையில் இருக்கும்வரை அந்தச் சுருக்கம் பாகத்தின் அளவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பிளாஸ்டிக் நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். சுமார் 105 டிகிரிக்குக் கீழே அது விறைத்துவிடுகிறது. அங்கிருந்து அறையின் 30 டிகிரி வரை இறங்கும் 75 டிகிரிக்குமான சுருக்கம்தான் பாகத்தில் நிலைத்துவிடுகிறது. ஏ.பி.எஸ். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 90 பங்கு சுருங்கும். 75-ஆல் பெருக்கினால் 0.7 சதவீதத்தை நெருங்கும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே விறைத்துவிடுவதால் அதற்கு மிஞ்சுவது 30 டிகிரி இறக்கம் மட்டும், சுருக்கமும் 0.2 சதவீத அளவில் நின்றுவிடுகிறது. தொடக்கநிலையில் எல்லோரும் பி.எல்.ஏ.வை விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுருங்கினால் துளை பெரிதாகத்தானே ஆக வேண்டும் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படி நடப்பதில்லை. சுருக்கம் பாகம் முழுவதையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்குகிறது. புகைப்படத்தைச் சிறிதாக்கினால் படத்திலுள்ள ஜன்னலும் சிறிதாவதுபோல் துளையும் சிறிதாகிறது. துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும் குறைகிறது.

கியர் பெட்டியில் முதலில் அடிபடுவது அந்தத் தூரம்தான். 60 மி.மீ.யில் 0.65 சதவீதம் என்றால் 0.39 மி.மீ. மாட்யூல் 1 கியர்களில் ஒரு பல்லின் நுனிக்கும் எதிர்க் கியரின் பள்ளத்துக்கும் நடுவே விடப்படும் இடைவெளி வழக்கமாக 0.25 மி.மீ. மையங்கள் 0.39 நெருங்கினால் பல் நுனி பள்ளத்தின் அடியில் முட்டும், கியர் சுற்றாது. பேரிங் துளைகளை எத்தனை முறை சரிசெய்தாலும் இது தீராது, ஏனென்றால் குறை துளையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

கியர்களையும் அதே ஏ.பி.எஸ்.ஸில் அச்சிட்டிருந்தால் அவையும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கும். மையத் தூரம் பெரிய தொல்லையாகத் தெரிந்திருக்காது. பெட்டியும் மூடியும் ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே இயந்திரத்தில் வரும்போது அவற்றுக்கிடையே சுருக்கம் தானாகவே கழிந்துவிடுவதும் இதனால்தான். பித்தளை கியர், எஃகு பேரிங், மின்சுற்றுப் பலகை என்று வெளியிலிருந்து வாங்கிய எதுவும் உள்ளே வரும்போதுதான் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

நிலையாக வரும் தவறு

இரண்டாவது தவறுக்குப் பாகம் பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல. அது நாசில் போடும் இழையின் தடிமனோடு சம்பந்தப்பட்டது. இழை கணக்கிட்டதைவிடச் சற்று அகலமாகப் படிந்தால் வெளிச்சுவர் வெளிப்பக்கமாகப் பருக்கும்; துளைச்சுவர் துளைக்குள் பருக்கும். 20 மி.மீ. பாகமானாலும் 200 மி.மீ. பாகமானாலும் பருப்பது ஒரே அளவுதான்.

துளையில் இன்னும் இரண்டு காரணங்கள் சேருகின்றன. நாசில் வட்டமாகச் சுற்றும்போது இழையின் உள்விளிம்பு போகும் தூரம் குறைவு, வெளிவிளிம்பு போகும் தூரம் அதிகம். ஆனால் பிளாஸ்டிக் நடுக்கோட்டின் நீளத்துக்கு ஏற்பத்தான் தள்ளப்படுகிறது. ஆகவே உள்பக்கம் மிஞ்சிப்போய்த் துளைக்குள் வழிகிறது. அதோடு, இன்னும் கெட்டிப்படாத இழை நாசிலின் இழுப்பில் வளைவின் உள்பக்கமாக ஒதுங்குகிறது. துளை சிறுக்கச் சிறுக்க இந்த இரண்டும் கூடும். 3 மி.மீ. துளையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

மற்றொரு காரணம் இயந்திரத்துக்குப் போகும் முன்பே கோப்பில் நுழைந்துவிடுகிறது. அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் வட்டம் என்று ஒன்று கிடையாது. பல நேர்ப்பக்கங்கள் கொண்ட பலகோணம்தான் உண்டு. அதன் மூலைகள் வட்டத்தின் மேல் உட்காரும். பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே போகும். துளையைப் பொறுத்தவரை உள்ளே போவது என்றால் குறுகுவது. ஓபன்ஸ்கேட் மென்பொருளில் எதையும் மாற்றாமல் 5 மி.மீ. விட்டத் துளை வரைந்தால் கிடைப்பது எண்கோணம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அதன் அகலம் 4.62 மி.மீ. மட்டுமே. பிளாஸ்டிக் உருகும் முன்பே 0.38 மி.மீ. போய்விட்டது. பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, பலகோணத்தை வட்டத்துக்கு வெளியே தள்ளி வரைந்தால் இந்த இழப்பு இல்லாமல் போகும்:

```
module hole(d, h, n = 48)
  cylinder(h = h, d = d / cos(180 / n), $fn = n);
```

வேறு வரைகலை மென்பொருள்களில் கோப்பை ஏற்றுமதி செய்யும்போது துல்லியத்தை உயர்வாக வைத்தால் போதும். மற்றக் காரணங்களை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றை அளக்கவே தேவையில்லாமல் நீக்கிவிடலாம். அதனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

இரண்டையும் பிரித்து அளப்பது

புதிய இயந்திரம் வாங்கியவர்கள் வழக்கமாக 20 மி.மீ. கனசதுரம் ஒன்றை அச்சிட்டு அளந்துபார்ப்பார்கள். இது ஏமாற்றும் சோதனை. எப்படி என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஏ.பி.எஸ்.ஸில் 100 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு பட்டை அச்சிடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுக்க ஆறிய பிறகு வெர்னியரில் அளந்தால் நீளம் 99.45, அகலம் 19.97.

அகலத்தை மட்டும் பார்த்தவருக்குக் குறை வெறும் 0.03, சுருக்கமே இல்லை என்று தோன்றும். இரண்டு அளவுகளையும் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும். வரைபடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 80 மி.மீ.; பட்டையில் 79.48. நிலையான தவறு இரண்டு அளவுகளிலும் ஒன்றே என்பதால் கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது சுருக்கம் மட்டும்: 79.48-ஐ 80-ஆல் வகுத்தால் 0.9935, அதாவது 0.65 சதவீதம். இப்போது 20 மி.மீ. சுருங்கி 19.87 ஆகியிருக்க வேண்டும். அளவு காட்டியது 19.97. ஆக, வெளிச்சுவர்கள் மொத்தம் 0.10, பக்கத்துக்கு 0.05 பருத்திருக்கின்றன. 20 மி.மீ. கனசதுரத்தில் சுருக்கமும் பருமனும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. அதை நம்பிப் பெரிய பாகத்தை அச்சிட்டால் அரை மில்லிமீட்டர் குறையும்.

துளைக்குத் தனிச் சோதனை வேண்டும். அதே பட்டையில் 22 மி.மீ. துளை ஒன்றும் இருந்து, அது 21.64 என்று வந்திருந்தால், சுருக்கத்தால் போனது 0.14, மீதி 0.22 துளைக்கே உரிய நிலையான குறை. இழை பருத்ததால் வந்த 0.10 அதில் அடக்கம், மற்ற 0.12 வளைவின் வேலை.

துளையை அளப்பதிலும் கவனம் வேண்டும். வெர்னியரின் உள் தாடைகளுக்குச் சிறிது தட்டையான முனை இருப்பதால் சிறிய வட்டத் துளைகளில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 10 மி.மீ.க்குக் கீழே உள்ள துளைகளுக்கு, விட்டம் தெரிந்த டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியைச் செருகிப் பார்ப்பது நம்பகமானது. ஒவ்வோர் அடுக்கும் தொடங்கி முடியும் இடத்தில் துளைச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சிறு தழும்பு ஓடும். அளவுகோல் அதில் பட்டாலும் எண் குறைந்துவிடும். அந்தத் தழும்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை ஸ்லைசர் மென்பொருளில் தீர்மானிக்கலாம்.

திருத்தம் இதிலிருந்து நேராகக் கிடைக்கிறது. சுருக்கத்துக்கு மாடல் முழுவதையும் நீள அகலங்களில் 100.65 சதவீதமாகப் பெரிதாக்க வேண்டும். உயரத்தைத் தொடக் கூடாது. அடுக்குகளின் திசையில் சுருக்கம் வேறு மாதிரி நடக்கும், அதைத் தனியே அளக்க வேண்டும். துளைகளுக்கு 0.22 மி.மீ. சேர்த்து வரைய வேண்டும், அல்லது ஸ்லைசரிடம் விட வேண்டும். கியூராவில் `Hole Horizontal Expansion`, ஓர்காஸ்லைசரில் `X-Y hole compensation` என்ற அமைப்புகள் இதற்கென்றே உள்ளன. இவற்றில் தரும் எண் சுவரை நகர்த்தும் தூரம், விட்டத்தின் மாற்றம் அல்ல, எனவே 0.22 வேண்டுமானால் 0.11 என்று கொடுக்க வேண்டும். வரைபடத்திலும் ஸ்லைசரிலும் சேர்த்துத் திருத்தினால் இரட்டிப்பாகிவிடும். ஏதாவது ஓரிடம்தான். மாடலைப் பிறரிடம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஸ்லைசரில் வைப்பதே நல்லது. வரைபடத்தில் உண்மையான அளவுகள் அப்படியே இருக்கும், வேறு இயந்திரத்தின் குறையை அந்த இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

பேரிங் உட்காரும் குழி

எல்லாத் திருத்தமும் செய்த பிறகும் அச்சுக்கு அச்சு சிறிய ஏற்ற இறக்கம் இருக்கும். அது இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. என்று கொள்வோம். பிரஸ் ஃபிட்டுக்கு இதுவே அதிகம். 608 பேரிங்கின் வெளி விட்டம் 22 மி.மீ.யிலிருந்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட விலகாது. பேரிங் பக்கத்தில் தாராளம் கிடையாது. அதை இறுக்கிப் பிடிக்க குழி 21.92 இருக்கட்டும் என்று தீர்மானித்தால், கையில் வருவது 21.82 முதல் 22.02 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு முனையில் சுத்தியல் தேவைப்படும். மறுமுனையில் பேரிங் தானாக நழுவும்.

இதற்கு வழி குழியைத் துல்லியமாக்குவதல்ல, குழியின் வடிவத்தை மாற்றுவது. பேரிங்கைத் தொடவே தொடாத அளவுக்கு, 22.30 மி.மீ. விட்டத்தில் குழி வரையப்படுகிறது. அதன் சுவரில் சம இடைவெளியில் ஆறு மெல்லிய வரம்புகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. மட்டுமே துருத்தி நிற்பதால், எதிரெதிர் வரம்புகளுக்கு நடுவே 21.80 மி.மீ. இருக்கும். பேரிங்கை அழுத்தும்போது முழுச் சுவரும் விரிய வேண்டியதில்லை; வரம்புகளின் நுனி மட்டும் நசுங்கும். அச்சில் 0.1 கூடினாலும் குறைந்தாலும் வரம்புகளின் இறுக்கம் 0.1-க்கும் 0.3-க்கும் இடையில் எங்காவது நிற்கும்; எல்லா நிலையிலும் பேரிங் பிடிபடும், எந்த நிலையிலும் சுவர் பிளக்காது. வார்ப்பு அச்சில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் நசுங்கும் வரம்புகள் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளவை.

தொடும் பரப்பைக் குறைத்துப் பிடியை நம்பகமாக்கும் இந்த உத்தியை லெகோ கட்டைகளிலும் காணலாம். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையில், மேலே உள்ள குமிழ்கள் அடுத்த கட்டையின் உள்ளே இருக்கும் குழாய்களின் வெளிச்சுவரை மெல்லிய கோடுகளாக மட்டுமே தொடுகின்றன. அவையும் 1963 முதல் ஏ.பி.எஸ்.ஸில்தான் செய்யப்படுகின்றன.

இறுக்கம் எவ்வளவு என்பதை மில்லிமீட்டரில் மட்டும் சொல்வது போதாது. விட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வரம்புகள் இல்லாத முழுவட்டக் குழியில் 22 மி.மீ. பேரிங்குக்கு 0.1 இறுக்கம் என்றால் சுவர் 0.45 சதவீதம் நீள்கிறது; பிளாஸ்டிக் அதைத் தாங்கும். அதே 0.1 இறுக்கத்தை 3 மி.மீ. ஊசிக்கு வைத்தால் சுவர் 3 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டும். அச்சிட்ட பாகம் அங்கே பெரும்பாலும் வெடித்துவிடும். பெரிய துளைக்குச் சரியாக வந்த எண்ணைச் சிறிய துளைக்கு அப்படியே எடுத்துப் போடுவதால் வரும் விரிசல்கள் ஏராளம். சிறிய தண்டுகளுக்குத் துளையைக் குறைவாகவே அச்சிட்டு, பிறகு சரியான டிரில் பிட்டைக் கையால் சுழற்றிச் சீர்செய்வதே எளிது. அதற்குத் துளையைச் சுற்றி நான்கு சுற்றுச் சுவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிட் சுவரையே சுரண்டி எடுத்துவிடும்.

அச்சிடும் திசையும் முக்கியம். பேரிங் அழுத்தப்படும்போது குழிச்சுவர் சுற்றுவாக்கில் இழுபடுகிறது. குழியின் அச்சு நேர்குத்தாக நிற்கும்படி அச்சிட்டால் அந்த இழுப்பு ஒவ்வோர் அடுக்கின் நீளவாக்கிலும் ஓடும். பிளாஸ்டிக் வலுவாக இருக்கும் திசை அது. படுக்கைவாக்கில் அச்சிட்டால் அதே இழுப்பு அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும். போதாக்குறைக்குத் துளையின் மேல்பகுதி ஆதாரமின்றித் தொங்கி வட்டமும் கெடும். கியர் பெட்டியில் பேரிங்குகளைத் தரையிலும் மூடியிலும் வைத்ததற்கு இதுவே காரணம். பெட்டியும் மூடியும் தட்டையாகக் கிடந்தபடி அச்சாகும்போது நான்கு குழிகளும் நேர்குத்தாக அமைகின்றன.

குழியின் வாயை 0.8 மி.மீ. சரிவாக வெட்டிவிட்டால் பேரிங் கோணாமல் நுழையும். அழுத்துவதற்குச் சுத்தியல் வேண்டாம். நீள போல்ட்டும் இரண்டு பெரிய வாஷர்களும் போதும். வாஷர் பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் பட வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிடும். செருகிய பிறகு விரலால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்பு வழவழவென்று சுற்றியது இப்போது நறநறத்தால் குண்டுப் பாதை அடிபட்டிருக்கிறது. நறநறக்காமல் கனமாக மட்டும் சுற்றினால் இறுக்கம் அதிகம்.

முழுப் பெட்டியை அச்சிடும் முன் குழியை மட்டும், 4 மி.மீ. சுவரும் 7 மி.மீ. உயரமும் கொண்ட வளையமாக, வரம்புகளோடு அச்சிட்டுப் பேரிங்கைச் செருகிப் பார்ப்பது நல்லது. 0.1 வித்தியாசத்தில் மூன்று வளையங்கள் போட்டால் எந்தக் கணக்கையும்விட அவை நேராகச் சொல்லிவிடும்.

மூடியின் கொக்கி

கொக்கி வளையும்போது அதன் வேர்ப்பகுதி எவ்வளவு நீள்கிறது என்பதுதான் அது உடையுமா உடையாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு முனை சுவரோடு ஒட்டி, மறுமுனை சும்மா நிற்கும் சீரான தடிமனுள்ள கொக்கிக்குக் கணக்கு எளியது:

ε = 1.5 × y × t / L²

y என்பது நுனி விலக வேண்டிய தூரம், t தடிமன், L நீளம். கிடைப்பது வேர்ப்பகுதியின் நீட்சி. அச்சிட்ட பி.எல்.ஏ.வுக்கு இது ஒரு சதவீதத்தை ஒட்டியும், ஏ.பி.எஸ்.ஸுக்கு இரண்டை ஒட்டியும் இருந்தால் பலமுறை கழற்றி மாட்டலாம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மூடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் கொக்கியைத்தான் முதலில் யாரும் வரைவார்கள்: நீளம் 8 மி.மீ., தடிமன் 2, விலகல் 1. கணக்குப்படி நீட்சி 4.7 சதவீதம். இதுவே தாங்காது. மூடி தட்டையாக அச்சாகும்போது இந்தக் கொக்கி அடுக்கின்மேல் அடுக்காக நிற்கிறது. வளைக்கும்போது நீட்சி முழுவதும் இரண்டு அடுக்குகளின் ஒட்டைப் பிளக்கிறது. முதல் முறை மூடும்போதே வேரில் சுத்தமாக, வெட்டியதுபோல் முறிந்துவிடும்.

தடிமனைக் கூட்டினால் உறுதி வரும் என்று தோன்றும். சமன்பாடு நேர்மாறாகச் சொல்கிறது. தடிமன் கூடினால் நீட்சியும் கூடும். நீளத்தை இரட்டித்தால் நீட்சி நான்கில் ஒன்றாகும். வேண்டியது நீளமும் மெலிவும். அந்த நீளத்தைப் படுக்கவைத்தால் அடுக்குப் பிரச்சினையும் தீரும். கியர் பெட்டியின் மூடிக்குக் கீழ்ப்பக்கம் பெட்டிக்குள் இறங்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. அந்த விளிம்பிலேயே 18 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையைப் பின்பக்கமும் அடிப்பக்கமும் ஒரு முனையும் விடுவித்து, மறுமுனையில் மட்டும் ஒட்டியிருக்க விடலாம். தடிமன் 1.6, நுனியில் 0.8 மி.மீ. புடைப்பு. இப்போது நீட்சி 0.6 சதவீதம். பட்டை வளைவதும் படிந்த அடுக்குகளின் தளத்துக்குள்ளேயே. வேரில் தடிமனில் பாதி அளவுக்கு, 0.8 மி.மீ. ஆரத்தில் உள்மூலையை வளைத்துவிட வேண்டும். கூரான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

பட்டையை விடுவிக்கும் பிளவு அச்சு மேடையிலிருந்தே தொடங்குவதால் முதல் அடுக்கின் தொல்லை ஒன்று உண்டு. முதல் அடுக்கு மேடையில் ஒட்டுவதற்காக நசுக்கிப் போடப்படுகிறது. அது பக்கவாட்டில் பிதுங்கும். பிளவு 0.3 மி.மீ. மட்டும் இருந்தால் முதல் அடுக்கில் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு பட்டை அசையாது. பிளவை 0.6 ஆக்கி, அடிவிளிம்பைச் சரிவாக வெட்டினால் போதும். பிரூசாஸ்லைசரில் இதற்கென்றே `Elephant foot compensation` என்ற அமைப்பும் இருக்கிறது.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே விடும் இடைவெளியில் சுருக்கம் கழிந்துவிட்டாலும் பருமன் கழிவதில்லை. மூடியின் விளிம்பு வெளிப்பக்கம் 0.05 பருக்கிறது, பெட்டியின் உள்சுவர் உள்பக்கம் 0.05 பருக்கிறது. பக்கத்துக்கு 0.2 மி.மீ. விட்டு வரைந்தால் கையில் கிடைப்பது 0.1. இங்கே அது சரியான அளவு, ஏனென்றால் மூடியின் பேரிங்குகள் தரையின் பேரிங்குகளுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். மூடியை இடத்தில் நிறுத்துவது விளிம்பின் வேலை; கொக்கி அதைக் கழலாமல் பிடிக்க மட்டுமே. அசையக்கூடிய கொக்கியிடமே இரண்டு வேலையையும் கொடுத்தால் தண்டுகள் கோணிப்போகும். இடைவெளி 0.1 போக, 0.8 புடைப்பில் 0.7 மி.மீ. பெட்டிச் சுவரின் குழியில் மாட்டிக்கொள்ளும்.

அந்தக் குழி 1 மி.மீ. ஆழம் இருக்கட்டும், புடைப்பு அடிவரை முட்டக் கூடாது. புடைப்பின் நுழையும் முகம் 30 டிகிரிச் சரிவில் இருந்தால் மூடுவது இலேசாகும். மாட்டியபின் பிடித்துநிற்கும் முகம் 90 டிகிரியாக இருந்தால் மூடியைத் திரும்பத் திறக்கவே முடியாது. அதோடு உயரத்தில் 0.1 மி.மீ. பிசகினாலும் மூடி ஆடும். அந்த முகத்தை 45 டிகிரியாகச் சாய்த்து, குழியின் விளிம்பையும் அதற்கேற்பச் சாய்த்தால், பட்டை நிமிர முயலும்போது சரிவில் ஏறி மூடியைக் கீழே இழுத்து இருத்துகிறது. உயரப் பிசகு எவ்வளவானாலும் சரிவில் எங்காவது ஓரிடத்தில் அது நின்றுவிடும்.

நாளடைவில்

பொருத்தியவுடன் சரியாக இருப்பது சில வாரங்களில் தளர்வதும் உண்டு. தொடர்ந்து இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். வெப்பம் கூடினால் விரைவாக. பி.எல்.ஏ. 60 டிகிரியில் இளகிவிடுவதால், வெயிலில் நிறுத்திய காரில் கிடந்தால் ஒரே பிற்பகலில் பேரிங் கழன்றுவிடும். கொக்கிக்கு இந்த ஆபத்து குறைவு. அது தாண்டும் கணத்தில்தான் முழுதாக வளைகிறது. மாட்டியபின் ஏறக்குறைய ஓய்வில் இருக்கிறது. மூடியை இழுத்து இருத்தும் அந்தச் சிறு வளைவைத் தவிர, கொக்கி வளைந்த நிலையிலேயே நிற்கும்படி வடிவமைக்கக் கூடாது. ஏ.பி.எஸ். கொக்கியின் வேரில் வெள்ளை வெளேரென்று தழும்பு தெரிந்தால் அது தாங்கும் அளவைத் தாண்டி நீண்டிருக்கிறது. நீளத்தைக் கூட்டி மறுபடி அச்சிட வேண்டும்.

பேரிங் தளர்கிறதா என்பதைக் காண, வெளி வளையத்திலிருந்து பெட்டிச் சுவர்வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடு இழுத்து வைக்கலாம். சில நாள் ஓட்டியபின் கோடு இரண்டாக விலகியிருந்தால் வெளி வளையம் குழிக்குள் சுற்றத் தொடங்கிவிட்டது. வரம்புகளை உயர்த்துவது அதைக் கொஞ்ச காலம்தான் தள்ளிப்போடும். குழியின் வாயில் பேரிங்கின் வெளி வளையத்தைத் திருகால் அழுத்திப் பிடிக்கும் மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்ப்பதே நிலைக்கும். அப்போது வரம்புகள் மையத்தைக் காக்கும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும்.